அனுப்பு பொத்தானுக்கு முன்னால் ஒரு பக்கம்

ஹார்டு டிஸ்க்கின் அதிர்வையும் சத்தத்தையும் குறைத்து, அதை வேகமாக இயங்க வைக்கும் ஒரு நுட்பம் கன்வால்வ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தது. 1998-ல் காம்பாக், சீகேட் என்ற இரண்டு பெரிய நிறுவனங்களோடு அது பேச்சுவார்த்தை தொடங்கியது. கூட்டங்கள் நடந்தன, நுட்பம் விளக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தம், அலுவலகங்களில் எல்லோரும் என்.டி.ஏ. என்று சொல்வது, கையெழுத்தாகி இருந்தது. பேச்சு முறிந்த பிறகு, தன் ரகசியங்களை இருவரும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று கன்வால்வ் 2000-ல் வழக்குப் போட்டது.

அந்த வழக்கில் காப்புரிமை பற்றிய பகுதி தனியாகப் போனது. ரகசியம் பற்றிய பகுதியில் 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கன்வால்வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம், ஒப்பந்தத்திலேயே இருந்த ஒரு நிபந்தனை. தகவலைக் கொடுக்கும்போதே அதன்மேல் ‘ரகசியம்’ என்று குறிக்க வேண்டும். வாய்மொழியாகவோ செய்து காட்டியோ சொன்னதாக இருந்தால், இன்னது ரகசியம் என்று 20 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கில் இருந்த தகவல்களுக்கு கன்வால்வ் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. பேசுவதெல்லாம் ரகசியம்தான் என்று இரு தரப்புக்கும் தெரியும், அப்படித்தான் நடந்துகொண்டோம் என்று அது வாதாடியது. ஒப்பந்தத்தில் முறை தெளிவாக எழுதியிருக்கும்போது அந்த வாதம் நிற்காது என்றது நீதிமன்றம்.

கையெழுத்து இருந்தது, உறவு இருந்தது, நம்பிக்கை இருந்தது. எழுதாமல் விட்ட கடிதம் மட்டும் இல்லை.

கூட்டாளி நிறுவனத்துக்குக் கோப்புகளை அனுப்ப வேண்டிய திட்ட மேலாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். என்.டி.ஏ. என்றால் வாங்குகிறவரைக் கட்டிப்போடும் காகிதம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கொடுக்கிறவருக்கும் அதில் வேலை உண்டு. அந்த வேலையைச் செய்யாவிட்டால் வாங்குகிறவர்மேல் கட்டே விழாமல் போகலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது இயக்குநர். எழுதுவது வழக்கறிஞர். ஆனால் தினமும் மெயிலில் கோப்பை இணைத்து அனுப்புவது மேலாளர். எட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தத்தை ஒவ்வொரு மெயிலுக்கும் முன்னால் அவரால் படித்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு வேண்டியது ஒரு பக்கச் சுருக்கம். இந்தக் கோப்பை, இந்த ஆளுக்கு, இன்றைக்கு அனுப்பலாமா, அனுப்பும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் செய்யும் ஒரு நிறுவனம் புதிய மாடல் ஒன்றைக் கொண்டுவருகிறது. அதன் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் பாகத்தை, வார்த்துக் கொடுக்க ஒரு பவுண்டரியோடு பேசி என்.டி.ஏ. போட்டாயிற்று. மேலாளரின் கணினியில் ஐந்து கோப்புகள் காத்திருக்கின்றன: இம்பெல்லரின் முப்பரிமாண மாடல், பம்பின் சோதனை அறிக்கை, செலவுக் கணக்கு, வாடிக்கையாளர் கொடுத்த ஒரு டிராயிங், நிறுவனத்தின் பழைய விற்பனைக் கேட்டலாக்.

முதலில் பார்க்க வேண்டியது எல்லை. என்.டி.ஏ.வில் வரையறை என்ற தலைப்பில் நீண்ட பத்தி ஒன்று இருக்கும். தொழில்நுட்பத் தகவல், வணிகத் தகவல், வரைபடம், மாதிரி, விலை என்று எல்லாவற்றையும் அது அடுக்கிக்கொண்டே போகும். அதைப் படிக்கிறவருக்கு எல்லாமே பாதுகாப்பில் இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். ஆனால் பத்தியின் முக்கியமான சொற்கள் பட்டியலில் இருக்காது. பட்டியல் முடிந்த பிறகு வரும் நிபந்தனையில் இருக்கும். ‘ரகசியம் என்று குறிக்கப்பட்டிருந்தால்’ என்று மட்டும் எழுதியிருந்தால், முத்திரை இல்லாமல் போகும் கோப்பு வெளியே நிற்கிறது. ‘குறிக்கப்பட்டிருந்தால், அல்லது சூழ்நிலையை வைத்துப் பார்த்தால் ரகசியம் என்று நியாயமாகப் புரியக்கூடியதாக இருந்தால்’ என்று இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் கன்வால்வ் வழக்கு. நம் உதாரணத்தில் முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். வாய்மொழியாகச் சொன்னதை 30 நாட்களுக்குள் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது.

அப்படியானால் மாடலின் ஒவ்வொரு டிராயிங் தாளிலும், கோப்பின் பெயரிலும், மெயிலின் தலைப்பிலும் ‘ரகசியம்’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். முப்பரிமாணக் கோப்பில் முத்திரை குத்தத் தாள் கிடையாது, அதனால் பெயரிலேயே சேர்ப்பது நல்லது: `IMP-07_RevB_CONFIDENTIAL.step` என்பது போல. பவுண்டரிக்காரர்களோடு வீடியோ கூட்டம் நடத்தி, இம்பெல்லரின் இறக்கைக் கோணத்தை ஏன் மாற்றினோம் என்று பொறியாளர் விளக்கியிருந்தால், அன்று மாலையே ஒரு மெயில் போக வேண்டும்: ‘இன்றைய கூட்டத்தில் இன்னின்ன விஷயங்களைச் சொன்னோம், இவை ஒப்பந்தத்தின்படி ரகசியம்.’ நான்கு வரி போதும். பொதுவாக ‘கூட்டத்தில் பேசியது எல்லாம் ரகசியம்’ என்று எழுதுவதைவிட, பேசிய பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பது பாதுகாப்பு.

எல்லையின் அடுத்த பகுதி, எதற்காக என்பது. தகவலை எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். அது எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ‘இரு நிறுவனங்களின் வணிக உறவுக்காக’ என்று எழுதியிருந்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். ‘இன்ன மாடல் பம்புக்கான இம்பெல்லர் வார்ப்பை உருவாக்குவதற்காக மட்டும்’ என்று இருந்தால், அதே மாடலை வைத்துப் பவுண்டரி தனக்கென்று ஒரு இம்பெல்லர் செய்து சந்தையில் விற்க முடியாது.

இது கற்பனைப் பயமில்லை. 1987-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான ஜான் ரிச்சர்ட் பிரேடி வழக்கு கிட்டத்தட்ட இதே கதை. கால்நடைத் தீவனப் பயிரை இயந்திரத்துக்குள் வளர்க்கும் கருவி ஒன்றை உருவாக்கியவர் பிரேடி. அதற்குத் தேவையான வெப்பத் தடுப்புப் பலகைகளை இந்தியாவில் செய்துகொள்வதற்காக ஒரு நிறுவனத்திடம் வரைபடங்களும் விவரக்குறிப்புகளும், கண்டிப்பான ரகசியம் என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டன. பலகைக்கான ஆர்டர் கைகூடவில்லை. பிறகு பார்த்தால் அந்த நிறுவனமே தீவனக் கருவி செய்யும் தொழிலில் இறங்கியிருந்தது. தன்னிடம் நம்பிக் கொடுத்த விவரங்களைத் தாவுபலகையாக வைத்து அது தொழிலுக்குள் குதித்திருக்கிறது என்று கண்ட நீதிமன்றம், அதற்குத் தடை விதித்தது. பலகை செய்யக் கொடுத்ததைப் பலகைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பதுதான் விஷயம். இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024-ல் சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவரை ஒப்பந்தத்தின் சொற்களும், நம்பிக்கை மீறலைப் பற்றி நீதிமன்றங்கள் சொல்லிவந்ததும்தான் துணை. ஒப்பந்தத்தின் சொற்களுக்கு இவ்வளவு கனம் வருவது அதனால்தான்.

யாருக்கு என்பதில்தான் மேலாளர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். நம் ஒப்பந்தத்தில் ‘தெரிந்தாக வேண்டிய ஊழியர்களுக்கு மட்டும், துணை ஒப்பந்தக்காரர்களுக்கு எழுத்துப்பூர்வ முன் அனுமதியோடு’ என்று இருக்கிறது. பவுண்டரி உலோகத்தை உருக்கி வார்க்கும். அதற்கு முன்னால் அச்சு எடுக்க ஒரு பேட்டர்ன் வேண்டும். பல பவுண்டரிகள் பேட்டர்ன் வேலையை வெளியில் உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடும். ஆக, மேலாளர் பவுண்டரிக்கு அனுப்பும் மாடல் அடுத்த நாளே பேட்டர்ன் பட்டறையின் கணினிக்குப் போகக்கூடும். அந்தப் பட்டறை இதே ஊரில் இன்னொரு பம்ப் கம்பெனிக்கும் பேட்டர்ன் செய்துகொண்டிருக்கலாம். அனுமதி கேட்காமல் அனுப்பினால் பவுண்டரி ஒப்பந்தத்தை மீறியதாகும், உண்மைதான். ஆனால் மாடல் போனது போனதுதான். அதனால் கோப்பை அனுப்புவதற்கு முன்பே, ‘பேட்டர்ன் யார் செய்கிறார்கள்?’ என்று மேலாளர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வெளிப் பட்டறை என்றால் அதன் பெயரைக் குறித்து அனுமதிக் கடிதம் கொடுத்து, அந்தப் பட்டறையிடமும் இதே கட்டுப்பாடுகளோடு பவுண்டரி எழுதி வாங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு அனுப்புவதுதான் சரி.

இப்போது ஐந்து கோப்புகளுக்கு வருவோம். மாடல் போகலாம், முத்திரையோடு. சோதனை அறிக்கை? இம்பெல்லரை வார்ப்பதற்கு பம்பின் செயல்திறன் வளைகோடு தேவையில்லை. ஒப்பந்தம் அதைப் பாதுகாக்கும் என்பது அதை அனுப்பக் காரணமாகாது. செலவுக் கணக்கு கண்டிப்பாக வேண்டாம், விலை பேசப்போகிற ஆளிடம் நம் கணக்கைக் கொடுப்பதாகிவிடும். கேட்டலாக் ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கிறது. அதில் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தக் கூடாது. பகிரங்கமானதிலும் முத்திரை குத்தினால், உண்மையான ரகசியத்தின் மேல் உள்ள முத்திரையையும் வெறும் பழக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும்.

வாடிக்கையாளரின் டிராயிங்தான் ஆபத்தானது. அது இந்த நிறுவனத்தின் சொத்தே இல்லை. அதை வாங்கும்போது வாடிக்கையாளரோடு வேறொரு என்.டி.ஏ. போட்டிருப்பார்கள். பவுண்டரியோடு உள்ள ஒப்பந்தம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அந்த டிராயிங்கை அனுப்ப அது உரிமை தராது. வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வரும்வரை அது கணினியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது காலம். ‘ஒப்பந்தம் இரண்டு ஆண்டு’ என்று சுருக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான என்.டி.ஏ.க்களில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, எந்தத் தேதிவரை கொடுக்கும் தகவலுக்குப் பாதுகாப்பு என்பது. இன்னொன்று, கொடுத்த தகவலை எதுவரை காக்க வேண்டும் என்பது. உதாரண ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 1 முதல் இரண்டு ஆண்டு நடப்பில் இருக்கும், முடிந்த பிறகும் மூன்று ஆண்டு ரகசியக் கடமை தொடரும் என்று சொல்கிறது. அப்படியானால் 2027 மார்ச் 31 வரை அனுப்பும் கோப்புகளை 2030 மார்ச் 31 வரை பவுண்டரி காக்க வேண்டும்.

இதில் தடுக்கி விழுவது முதல் கடிகாரத்தில்தான். 2027 மே மாதம் இம்பெல்லரில் ஒரு சிறிய திருத்தம் வருகிறது. வேலை தொடர்ந்து நடக்கிறது, அதே ஆட்கள், அதே மெயில் முகவரி. புதிய ரிவிஷன் போகிறது. ஒப்பந்தம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டதால் இந்த ரிவிஷன் அதற்குள் வரவே வராது. பழைய ரிவிஷனுக்குப் பாதுகாப்பு உண்டு, புதியதற்கு இல்லை என்ற விசித்திர நிலை. சுருக்கத்தில் ‘இரண்டு ஆண்டு’ என்று எழுதாமல் ‘2027 மார்ச் 31-க்குப் பிறகு எதையும் அனுப்பாதே, நீட்டிப்புக் கடிதம் ஜனவரியில் கேள்’ என்று தேதியோடு எழுதினால் இது நடக்காது.

சில ஒப்பந்தங்களில் இரண்டாவது கடிகாரம் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஓடும். ‘வெளிப்படுத்திய நாளிலிருந்து மூன்று ஆண்டு’ என்று இருந்தால், 2025 ஜூன் 10-ல் அனுப்பிய மாடலின் பாதுகாப்பு 2028 ஜூனில் முடியும். அந்த பம்ப் அப்போதுதான் சந்தையில் சூடு பிடித்திருக்கும். இப்படிப்பட்ட ஷரத்து இருந்தால், மிக முக்கியமான கோப்பைக் கடைசியில் அனுப்புவது ஒரு வழி. ‘வணிக ரகசியமாக நீடிக்கும்வரை’ என்று முக்கியத் தகவலுக்கு மட்டும் தனி ஷரத்து கேட்பது அதைவிட நல்ல வழி. காலம் குறிப்பிட்ட என்.டி.ஏ. முடிந்த பிறகு, உரிமையாளரே இதை அதற்குமேல் ரகசியமாகக் கருதவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டு வென்ற வழக்குகள் அமெரிக்காவில் உண்டு.

காலத்தோடு சேர்ந்தே வருவது திருப்பிக் கொடுப்பது. கேட்ட 30 நாட்களுக்குள் கோப்புகளைத் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்று இருந்தால், ‘கேட்ட’ என்ற சொல்லைச் சுருக்கத்தில் விடக் கூடாது. கேட்காவிட்டால் அந்தக் கடமை தொடங்காது.

இனி விதிவிலக்குகள். ஏறக்குறைய எல்லா என்.டி.ஏ.விலும் நான்கு இருக்கும்: ஏற்கெனவே பகிரங்கமாக இருந்தது அல்லது வாங்கியவரின் தவறு இல்லாமல் பகிரங்கமானது, வாங்கியவருக்கு முன்பே தெரிந்திருந்தது, கட்டுப்பாடு இல்லாத மூன்றாம் ஆளிடமிருந்து முறையாகக் கிடைத்தது, கொடுத்த தகவலைத் தொடாமல் தானே உருவாக்கியது. இவை வாங்குகிறவரின் கேடயம். கொடுக்கிற மேலாளர் இதைப் படிக்க வேண்டியது வேறொரு கோணத்தில்: நாளைக்குப் பவுண்டரி ‘இது எங்களுக்கு முன்பே தெரியும்’ என்று சொன்னால் நம்மிடம் என்ன இருக்கிறது?

நல்ல ஒப்பந்தத்தில் அதை நிரூபிக்கும் பொறுப்பு பவுண்டரியுடையது என்றும், எழுத்துப் பதிவுகளால் காட்ட வேண்டும் என்றும் இருக்கும். அப்படி இருக்கிறதா என்று சுருக்கத்தில் ஒரு வரி வேண்டும். இன்னொரு வரி, சேர்க்கையைப் பற்றி. இம்பெல்லரின் விட்டம் கேட்டலாக்கில் இருக்கிறது. உலோகக் கலவையைப் பவுண்டரி பல ஆண்டாக வார்த்துவருகிறது. ஆனால் இந்த விட்டம், இந்த இறக்கைக் கோணம், இந்தத் தடிமன் மூன்றும் சேர்ந்த வடிவமைப்பு எங்கும் இல்லை. தனித்தனித் துண்டுகள் வெளியே கிடைக்கின்றன என்பதால் முழுமையும் விதிவிலக்குக்குள் போய்விடாது என்று சில ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே சொல்லும். சொல்லவில்லை என்றால் கையெழுத்துக்கு முன் கேட்டுச் சேர்க்கலாம்.

மேலாளரின் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆயுதம், அனுப்பிய பதிவேடு. தேதி, கோப்பின் பெயர், ரிவிஷன் எண், பெற்றவர், முத்திரை இருந்ததா என்று ஐந்து கட்டம் கொண்ட ஒரு எக்செல் தாள். வாட்ஸ்அப்பில் போன கோப்புக்கும் இதில் ஒரு வரி வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இருப்பது அதைவிட மேல்.

நீதிமன்றமோ அரசு அதிகாரியோ சட்டப்படி கேட்டால் கொடுக்கலாம் என்பதையும் பலர் ஐந்தாவது விதிவிலக்காக எழுதிவிடுகிறார்கள். அது வேறு ரகம். மேலே சொன்ன நான்கிலும் தகவல் ரகசிய வளையத்துக்கு வெளியே போய்விடுகிறது. இதில் அந்த ஒரு அதிகாரியிடம், கேட்ட அளவுக்கு மட்டும், முடிந்தால் முன்கூட்டித் தெரிவித்துவிட்டுக் கொடுக்க அனுமதி, அவ்வளவுதான். மற்ற எல்லோரிடமிருந்தும் அது ரகசியமாகவே நீடிக்கும்.

மென்பொருள், மின்னணுத் துறை ஒப்பந்தங்களில் எப்போதாவது இன்னொன்று ஒளிந்திருக்கும். கோப்பைப் பார்த்த ஊழியரின் நினைவில் தங்கிவிட்ட விஷயங்களை அவர் பயன்படுத்தலாம் என்ற ஷரத்து அது. வடிவமைப்பைப் பொறுத்தவரை இது கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். சுருக்கம் எழுதுகிறவர் இதைக் கண்டால், அனுப்புவதை நிறுத்திவிட்டு வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

இவ்வளவையும் வைத்து நம் மேலாளரின் பக்கம் இப்படி அமையும்:

“அனுப்பும்போது: எல்லாவற்றிலும் ‘ரகசியம்’ முத்திரை. வாய்மொழியாகச் சொன்னதற்கு 30 நாட்களுக்குள் எழுத்து, ஷரத்து 1. நோக்கம்: இம்பெல்லர் வார்ப்பு மட்டும், ஷரத்து 2. யாருக்கு: பவுண்டரி ஊழியர்கள். பேட்டர்ன் பட்டறைக்கு நம் எழுத்து அனுமதி இல்லாமல் போகக் கூடாது, ஷரத்து 3. விதிவிலக்கு: வழக்கமான நான்கு. நிரூபணம் அவர்கள் பொறுப்பு. சேர்க்கை பற்றி ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை, ஷரத்து 5. கடைசி நாள்: 2027 மார்ச் 31. காக்கும் கடமை 2030 மார்ச் 31 வரை, ஷரத்து 7. திருப்பித் தருதல்: நாம் கேட்டால் 30 நாட்களில், ஷரத்து 8. அனுப்பக் கூடாதவை: வாடிக்கையாளர் டிராயிங், செலவுக் கணக்கு, சோதனை அறிக்கை.”

ஒப்பந்தத்திலிருந்து எடுத்த ஒவ்வொரு விஷயத்துக்கும் ஷரத்து எண் இருப்பதைக் கவனிக்கலாம். சந்தேகம் வந்தால் மூலத்துக்குப் போக அதுதான் வழி. ஒப்பந்தம் எதுவும் சொல்லாத இடத்தில் ‘சொல்லவில்லை’ என்று எழுதியிருப்பதும் வேண்டுமென்றே செய்ததுதான். சுருக்கம் எழுதுகிறவர் அந்த வெற்றிடத்தைத் தன் நல்லெண்ணத்தால் நிரப்பிவிட்டால், படிப்பவர் அதை ஒப்பந்தத்தின் சொல் என்று நம்பிவிடுவார். ‘ஊழியர்கள்’ என்று இருப்பதை ‘அவர்கள் ஆட்கள்’ என்று தளர்த்தினால் பேட்டர்ன் பட்டறை உள்ளே வந்துவிடும். ‘மற்றும்’, ‘அல்லது’ இரண்டும் இடம் மாறினாலும் அர்த்தம் மாறிவிடும். எழுதியதை ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது அரை மணி நேர வேலை.

இந்தப் பக்கத்துக்கும் ஒரு காலாவதி உண்டு. மாதிரி வார்ப்பு சரியாக வந்து, பெரிய அளவில் வாங்குவதற்கான முதன்மை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் அது. அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், ‘இதற்கு முன் இரு தரப்பும் செய்துகொண்ட எல்லா ஒப்பந்தங்களுக்கும் பதிலாக இதுவே முழு ஒப்பந்தம்’ என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அதில் என்.டி.ஏ.வுக்கு விலக்கு கொடுக்காவிட்டால், அதுவரை அனுப்பிய கோப்புகளுக்கும் இனி அனுப்பப்போகும் கோப்புகளுக்கும் புதிய ஒப்பந்தத்தின் ரகசிய ஷரத்து மட்டும்தான் பொருந்தும் என்ற வாதத்துக்கு இடம் வந்துவிடும். அந்த ஷரத்து பல நேரம் மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. அதனால் முதன்மை ஒப்பந்தத்தின் வரைவு மேசைக்கு வந்ததும் மேலாளர் தன் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போய், ‘பழைய என்.டி.ஏ. தொடரும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. முடியாது என்றால் புதிய ஷரத்தை வைத்து அந்தப் பக்கத்தை முதலிலிருந்து எழுத வேண்டும்.